இறப்பு ஏட்டின் கடைசிக் கட்டம்: கொள்ளைநோய் ஆண்டில் ஒரு பங்குத்தந்தை ஆயருக்கு எழுதிய கடிதம்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் ஒரு மறைமாவட்டம். அங்கே தமிழ் வம்சாவளிக் குடும்பங்கள் நிறைந்த ஒரு பங்கில் 2020 மார்ச் முதல் 2021 பிப்ரவரி வரை நடந்ததையும், அதைப் பற்றிப் பங்குத்தந்தை ஆயருக்கு எழுதிய கடிதத்தையும், அதன் விளைவையும் இங்கே பதிவு செய்கிறேன். நான் பக்கத்துப் பங்கில் பணியாற்றிய குரு. கடிதத்தின் இரண்டு வரைவுகளையும் அவர் தொலைபேசியில் எனக்கு வாசித்துக் காட்டினார். அவருடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். ஆள்பெயர், ஊர்ப்பெயர், மருத்துவமனையின் பெயர் எதையும் தரவில்லை.

பின்னணி

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். இந்தப் பங்கின் மூத்த குடும்பங்கள் சில தங்கள் வேரை அந்தக் காலத்தில் வைத்துப் பேசுபவை. வீட்டில் ஆங்கிலம்தான் புழங்குகிறது. பாட்டிமாரிடம் மட்டும் கொஞ்சம் தமிழ் மிச்சமிருக்கிறது. ஒரே குடும்பத்தில் அண்ணன் கத்தோலிக்கர், தம்பி முருக பக்தர் என்பது இங்கே சாதாரணம். ஆகவே கத்தோலிக்கர் வீட்டுச் சாவுக்கும் பதினாறாம் நாள் உண்டு. அன்று பங்குச்சாமியாரும் வந்து செபிப்பது வழக்கம்.

பங்குத்தந்தைக்கு அப்போது நாற்பத்தொரு வயது. தமிழ்நாட்டிலிருந்து வந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. துணைக்குரு கிடையாது. ஞாயிறு திருப்பலிகள் இரண்டுக்கும் சேர்த்துச் சராசரியாக 480 பேர் வருவார்கள்.

கதவு மூடிய மாதங்கள்

2020 மார்ச் 5 அன்று நாட்டின் முதல் கொரோனா தொற்று இதே மாகாணத்தில் உறுதியானது. மார்ச் 15 அன்று தேசியப் பேரிடர் அறிவிப்பு வந்தது. நூறு பேருக்கு மேல் கூடத் தடை. மார்ச் 26 நள்ளிரவில் முழு ஊரடங்கு தொடங்கியது. குருத்தோலை ஞாயிறும் உயிர்ப்புப் பெருவிழாவும் வெறும் பெஞ்சுகளுக்கு முன்னால் நடந்தன. மது விற்பனைக்கும் தடை இருந்ததால், திருப்பலி ரசம் எத்தனை புட்டி இருக்கிறது என்று அவர் எண்ணிப் பார்த்ததைப் பின்னாளில் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆறு இருந்தது, தனியாகப் பலி நிறைவேற்றுகிறவருக்கு அது தாராளம்.

காணிக்கை பாதிக்கும் கீழே போனது. உபதேசியார் சம்பளத்தை ஒரு நாளும் நிறுத்தவில்லை. பணத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாப் பங்குகளிலும் அதே கதைதான்.

ஜூன் 1 முதல் வழிபாட்டுக்கு ஐம்பது பேர் வரை அனுமதி கிடைத்தது. இங்கேதான் முதல் தவறான கணக்கு. திருச்சபைச் சட்டப்படி ஒரு குரு நாளொன்றுக்கு ஒரு திருப்பலிதான் நிறைவேற்றலாம். குருக்கள் பற்றாக்குறை இருந்தால் ஆயர் அனுமதியோடு இரண்டு. ஞாயிறு, கடன் திருநாள்களில் மேய்ப்புப்பணித் தேவை இருந்தால் மூன்று. அவர் சனி மாலை இரண்டு, ஞாயிறு மூன்று என்று வைத்துக்கொண்டார். ஐந்தைம்பது இருநூற்றைம்பது. எப்படியும் பாதிப் பேருக்காவது இடம் கிடைக்கும் என்று நினைத்தார். ஒவ்வொரு திருப்பலிக்குப் பின்னும் பெஞ்சு துடைக்க முக்கால் மணி நேரம், வாசலில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுத ஒரு நோட்டுப் புத்தகம். அக்டோபரில் பீடத்தருகே தலைசுற்றி உட்கார்ந்தார். அப்போதும் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை.

கடிதத்துக்காகப் பிப்ரவரியில் அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கூட்டிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. ஐந்து திருப்பலிக்கும் சேர்த்து வாரம் 140 பேர் அளவில்தான் வந்திருந்தார்கள். முதியவர்கள் பயந்து வீட்டிலேயே இருந்தார்கள். ஞாயிறு திருப்பலிக்கு வந்தே ஆக வேண்டும் என்ற கடமை தளர்த்தப்பட்டிருந்ததும் அவர்களுக்குத் தெரியும். மூன்று திருப்பலி போதுமானதாக இருந்திருக்கும். எட்டு மாதம் கையெழுத்து வாங்கினார்களே தவிர ஒருவரும் எண்ணவில்லை.

இரண்டாம் அலை

2020 டிசம்பர் 18 அன்று புதிய திரிபு கண்டறியப்பட்டதாக அரசு அறிவித்தது. டிசம்பர் 28 அன்று மறுபடியும் வழிபாட்டுக் கூட்டங்களுக்குத் தடை வந்தது. இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை ஊரடங்கு. அடக்கத்துக்கு ஐம்பது பேர்தான், இரவு விழிப்பு கூடாது. சவ வண்டி கோவில் வாசலில் சில நிமிடம் நிற்கும், இவர் படியிலிருந்தே தீர்த்தம் தெளிப்பார், வண்டி போய்விடும்.

ஜனவரி 4 அன்று சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எழுபத்திரண்டு வயதுப் பெரியவர் ஒருவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். எட்டாம் தேதி இரவு பத்து மணிக்கு மகள் அழைத்தாள்: அப்பாவுக்கு மூச்சு திணறுகிறது, அவஸ்தை பூச வர வேண்டும். இறக்கும் தறுவாயில் இருப்பவருக்குக் குரு எண்ணெய் பூசிச் செபிப்பதுதான் அது. அனுமதித் தாளோடு இவர் போனார். வார்டுக்குள் யாரையும் விடுவதில்லை, சாமியாரானாலும் சரி என்றார்கள். கவச உடை தாதியருக்கே போதவில்லை என்ற காரணத்தையும் சொன்னார்கள். அது உண்மைதான். இவர் வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு மணி வரை நின்று, இறக்கிறவர்களுக்கான மன்றாட்டைச் சொல்லிவிட்டுத் திரும்பினார். பெரியவர் காலையில் இறந்தார்.

இறுதிச்சடங்கின்போது மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “ஃபாதர், எண்ணெய் பூசினீர்களா?” இல்லை என்றார். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை.

எண்ணெய்ப் புட்டி

இந்த நிகழ்வின் மையம் இதுதான். ஜனவரி 10 அன்று, அதே வார்டில் வேலை பார்த்த ஒரு தாதி திருப்பண்ட அறைக் கதவருகே வந்து நின்றார். பங்குப் பேரவை உறுப்பினர்; ஐம்பது வயதைத் தாண்டியவர். “நான் உள்ளேதானே இருக்கிறேன் ஃபாதர், நான் ஏதாவது செய்யக்கூடாதா?” என்றார். இவர் நோயாளர் எண்ணெயைக் கட்டைவிரல் அளவுப் புட்டி ஒன்றில் ஊற்றிக் கொடுத்து, “நெற்றியில் சிலுவை வரைந்து செபியுங்கள் அக்கா” என்றார்.

குருக்களுக்கு விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நோயில்பூசுதல் என்ற அருளடையாளத்தைக் குரு மட்டுமே கொடுக்க முடியும். திருச்சபைச் சட்டத்தின் 1003ஆம் எண் அதைத் தெளிவாகச் சொல்கிறது. திருமுழுக்கு அப்படியல்ல, உயிர்போகும் நேரத்தில் யாரும் கொடுக்கலாம். பூசுதலுக்கு அந்த விலக்கு இல்லை. தாதியோ உபதேசியாரோ அதே எண்ணெயைத் தொட்டு அதே சொற்களைச் சொன்னாலும் அருளடையாளம் நடப்பதில்லை. ஆபத்து அதோடு நிற்காது. அது நடந்துவிட்டதாக எல்லோரும் நம்பிவிடுவார்கள். வேறொரு குருவை அழைக்கலாமா என்று அதன் பிறகு யாரும் யோசிக்கமாட்டார்கள்.

இவருக்கு இது தெரியாதா? தெரியும். “செபம் என்றுதான் சொன்னேன், பூசுதல் என்று சொல்லவில்லை” என்று என்னிடம் சொன்னார். புட்டியில் இருந்தது நோயாளர் எண்ணெய்தானே என்றேன். சற்று நேரம் பேச்சில்லை.

ஒரு வாரத்தில் அந்தத் தாதி மூன்று பேருக்கு நெற்றியில் எண்ணெய் இட்டுச் செபித்தார். மூவரும் இறந்தார்கள். ஜனவரி 17 அன்று அவருக்கே தொற்று உறுதியாகி வீட்டுக்குப் போனதால்தான் இது நின்றது. தான் அதை நிறுத்தவில்லை என்பதைப் பங்குத்தந்தை கடிதத்தில் மறைக்காமல் எழுதியிருந்தார்.

விளைவு தெரியவந்த விதம் தற்செயலானது. ஜனவரி 12 அன்று இறந்த ஒரு பாட்டியின் பதினாறாம் நாளுக்கு, அதாவது 27ஆம் தேதிக்கு, குடும்பத்தினர் நினைவு அட்டை அச்சடித்திருந்தார்கள். அதில் “திருச்சபையின் அருளடையாளங்களால் திடப்படுத்தப்பட்டு இறைவனில் துயில் கொண்டார்” என்று இருந்தது. கராஜில் பந்தல் போட்டு, ஒரு பக்கம் குத்துவிளக்கும் மறுபக்கம் இயேசு சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுருபமும் வைத்திருந்தார்கள். இவர் கேட்டுக்கு வெளியே முகக்கவசத்தோடு நின்று செபித்துக்கொண்டிருந்தபோது அந்த அட்டையைக் கையில் கொடுத்தார்கள்.

கடிதம்: முதல் வரைவும் இரண்டாம் வரைவும்

முதல் வரைவு ஒன்பது பக்கம். ஊரடங்கு விதிகள், மருத்துவமனையின் கல்நெஞ்சம், மறைமாவட்டத்திலிருந்து யாரும் அழைத்துக் கேட்கவில்லை என்ற மனத்தாங்கல், மக்களின் ஆர்வக்குறைவு எல்லாம் அதில் இருந்தன. புட்டி இல்லை. வாசித்து முடித்ததும், “இதைப் படித்துவிட்டு ஆயர் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டேன். பதில் இல்லை.

பிறகு அவர் பங்கின் இறப்பு ஏட்டை எடுத்து உட்கார்ந்தார். அந்த ஏட்டில் கடைசிக் கட்டம் ‘பெற்ற அருளடையாளங்கள்’. முந்தைய ஆண்டில் இறந்தவர்கள் 19, பூசுதல் பெற்றவர்கள் 15. கொள்ளைநோய் ஆண்டில் இறந்தவர்கள் 38. வீட்டில் இறந்த 12 பேரில் 10 பேர் பூசுதல் பெற்றிருந்தார்கள். மருத்துவமனையில் இறந்த 26 பேரில் ஏழு பேர் மட்டுமே. எஞ்சிய கட்டங்கள் காலி. தாதி செபித்த மூவருடையதும் காலிதான். என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டிருந்தார்.

இரண்டாம் வரைவு அந்தக் காலிக் கட்டங்களிலிருந்து பிறந்தது. மூன்று பக்கம், தேதி 2021 பிப்ரவரி 17, சாம்பல் புதன். முதல் பத்தியிலேயே எண்ணெய்ப் புட்டி. என்ன நடந்தது, தான் என்ன செய்தது, அதற்கு அதிகாரம் இருந்ததா, இப்போது ஆயரிடம் என்ன வேண்டும் என்ற வரிசையில் மூன்று காரியங்களை எழுதினார்.

முதலாவது மருத்துவமனை. 2020 மார்ச் 20 அன்று பாவமன்னிப்புக்கான வத்திக்கான் அலுவலகம் வெளியிட்ட குறிப்பில், சுகாதார அதிகாரிகளோடு பேசித் தன்னார்வக் குருக்களைச் சிறப்பு மருத்துவமனைப் பணியாளர்களாக நியமிப்பது பற்றி ஆயர் ஆராயலாம் என்று இருந்தது. பதினோரு மாதமாகியும் இந்த மறைமாவட்டத்தில் அதை யாரும் எடுக்கவில்லை. தனியொரு பங்குத்தந்தை வாசலில் நின்று கெஞ்சினால் காவலாளி விடமாட்டார். ஆயரகம் நிர்வாகத்தோடு பேசினால் விடக்கூடும் என்று எழுதி, தன் பெயரையே முதலாவதாகக் கொடுத்தார். அந்த மூன்று குடும்பங்களுக்கும் என்ன சொல்வது என்றும் கேட்டார்.

இரண்டாவது, சற்றுமுன் சொன்ன திருப்பலிக் கணக்கு. ஐந்தை மூன்றாகக் குறைக்க ஒப்புதல் கேட்டார்.

மூன்றாவது சாம்பல். அந்த ஆண்டு ஒன்பது பேர் தகனம் செய்யப்பட்டார்கள். திருச்சபை தகனத்தை ஏற்கிறது. ஆனால் 2016இல் வந்த வத்திக்கான் அறிவுரைப்படி, சாம்பலை நீரிலோ காற்றிலோ கரைக்கக்கூடாது, பொதுவாக வீட்டிலும் வைத்திருக்கக்கூடாது. புனித இடத்தில் வைக்க வேண்டும். இந்து உறவினர்கள் கடலில் கரைக்க வேண்டும் என்கிறார்கள். பங்கிலோ சாம்பல் வைக்க இடமில்லை. முடிவு தெரியாமல் ஐந்து கலசங்கள் திருப்பண்ட அறை அலமாரியில், திருப்பலி உடைகளுக்குக் கீழ்த்தட்டில் இருந்தன.

ஆயரின் முடிவுகள்

நான்காம் நாள் ஆயர் தொலைபேசியில் அழைத்தார். எழுத்துப்பூர்வமான பதில் மார்ச் முதல் வாரம் வந்தது. எண்ணெயை உடனே திரும்பப் பெறச் சொன்னார். மூன்று குடும்பங்களிடமும் பங்குத்தந்தையே நேரில் போக வேண்டும், தாதியின் பெயரை இழுக்காமல் தவறு தன்னுடையது என்று சொல்ல வேண்டும். ஏட்டில் காலிக் கட்டம் கூடாது: “பூசுதல் இல்லை, இறைமக்களில் ஒருவர் உடனிருந்து செபித்தார்” என்று எழுத வேண்டும்.

குடும்பங்களுக்குச் சொல்ல ஆறுதலான செய்தி ஒன்றும் இருந்தது. மேற்சொன்ன அதே மார்ச் 20 அன்று அந்த அலுவலகம் வெளியிட்ட ஆணை, பூசுதலும் வழித்துணை நற்கருணையும் பெற முடியாமல் இறக்கும் தறுவாயில் இருப்பவர்களுக்குப் பரிபூரண பலன், அதாவது பாவங்களுக்கான தண்டனை முழுவதும் நீங்கும் அருள், அளித்திருந்தது. தகுந்த மனநிலையும் வாழ்நாளில் செபிக்கும் வழக்கமும் இருந்தால் போதும். வழக்கமான நிபந்தனைகளைத் திருச்சபையே ஈடுசெய்யும். பாடுபட்ட சுருபத்தைப் பயன்படுத்துவது பரிந்துரைக்கப்படுகிறது. ஆக, அந்தத் தாதியின் கையில் ஜனவரியில் கொடுத்திருக்க வேண்டியது ஒரு சிறு சுருபமும் ஒரு செப அட்டையும். இந்த ஆணை பங்குத்தந்தையின் மின்னஞ்சலில் பத்து மாதமாக இருந்தது. என்னுடையதிலும் இருந்தது, நானும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

திருப்பலிக் குறைப்புக்கு ஒப்புதல் உடனே கிடைத்தது. சாம்பலுக்காகப் பங்குக் கல்லறையின் பின்சுவரில் மாடங்கள் கட்ட ஆயர் அனுமதித்தார். சாம்பலை அங்கே வைக்கும்போது இந்து உறவினர்கள் நின்று பூப்போடுவதில் தடையில்லை என்றும் எழுதினார்.

பின்னர் நடந்தவை

இரண்டு குடும்பங்கள் அமைதியாகக் கேட்டுக்கொண்டன. ஒரு வீட்டில் தேநீர் கொடுத்தார்கள். நினைவு அட்டை அச்சடித்த பாட்டியின் மகளோ, “நாங்கள் அமைதியாக இருந்தோம், ஏன் வந்து சொன்னீர்கள்?” என்று கேட்டார். அதன் பிறகு அவர் பங்குக்கு வரவில்லை. சொல்லாமலே விட்டிருக்கலாமோ என்று நானும் யோசித்ததுண்டு. ஆனால் அந்த மௌனத்தை அந்தத் தாதியும் வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டியிருந்திருக்கும்.

ஆயரகம் நிர்வாகத்தோடு இரண்டு முறை பேசிய பிறகு ஏப்ரலில் அனுமதி கிடைத்தது. வேறு நோய் இல்லாத, நாற்பத்தைந்துக்கு உட்பட்ட இரண்டு குருக்கள். வாரம் மூன்று நாள் பிற்பகல் ஒரு மணி நேரம், அவசர அழைப்புக்குத் தனி எண். கவச உடையை மறைமாவட்டமே வாங்கிக் கொடுத்தது. உடையை அணிவதைவிடக் கழற்றுவதுதான் கடினம் என்பதால், அதே தாதி குணமாகி வந்து இருவருக்கும் அதைப் பயிற்சி கொடுத்தார். பூசுவதற்கு நீளமான பஞ்சுக் குச்சி. தக்க காரணம் இருந்தால் கருவியைப் பயன்படுத்தச் சட்டத்தின் 1000ஆம் எண் இடம் தருகிறது. நெருக்கடியில் நெற்றியில் மட்டும் ஒரு முறை பூசி முழுச் செப வாய்பாட்டையும் சொன்னால் போதும். பஞ்சைப் பின்னர் எரித்துவிடுவார்கள்.

ஜூன் 28 அன்று மூன்றாம் அலையில் வழிபாட்டுக் கூட்டங்களுக்கு மறுபடி தடை வந்தது. ஜூன், ஜூலை மாதங்களில் இந்தப் பங்கில் மருத்துவமனையில் இறந்தவர்கள் 11. பூசுதல் பெற்றவர்கள் எட்டுப் பேர். விடுபட்ட மூவரும் ஜூலை இரண்டாம் வாரத்தில், மாகாணமே கலவரத்தில் எரிந்து சாலைகள் அடைபட்ட நாள்களில் இறந்தவர்கள். அவர்களில் இருவருக்குத் தாதியர் சுருபத்தைக் கையில் வைத்துச் செபித்திருந்தார்கள். ஏட்டில் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது.

சர்க்கரை ஆலைப் பெரியவரின் மகள் தந்தையின் சாம்பலை மாடத்தில் வைக்க வந்தாள். அவள் சித்தப்பா கடல்தண்ணீரை ஒரு செம்பில் கொண்டுவந்து சுவரடியில் ஊற்றினார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

பங்குத்தந்தை என்னிடம் சொன்னது: கடிதத்தை 2021 பிப்ரவரியில் எழுதியதே பிழை. 2020 ஜூலையிலேயே ஏட்டில் நான்கு கட்டங்கள் காலியாக இருந்தன. அப்போதே எழுதியிருந்தால் ஜனவரியில் வார்டு வாசலில் நிற்க வேண்டியிருந்திருக்காது. இப்போது அவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை இறப்பு ஏட்டின் கடைசிக் கட்டத்தை எண்ணி ஒரு பக்கம் எழுதி அனுப்புகிறார். தொற்று இல்லாத காலத்திலும் அனுப்புகிறார்.

இன்னொரு மாற்றமும் உண்டு. நோயாளர் எண்ணெய் இருக்கும் பெட்டியின் சாவி இப்போது அவர் சட்டைப்பையில் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே ஒரு காலணிப்பெட்டி பூட்டில்லாமல் இருக்கிறது. அதில் நாற்பது சிறு சுருபங்களும் செப அட்டைகளும். அட்டையின் ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் சுலு. தமிழில் அச்சடித்தால் வாசிக்க ஆளிருக்குமா என்று கேட்டேன். ஆறு பாட்டிகள் இருக்கிறார்கள் என்றார்; அந்த ஆறு அட்டைகளைக் கையால் எழுதி வைத்திருந்தார்.